மிஞ்சிய சாம்பார், நேற்றைய இட்டலி, காய்ந்த பாண்: கட்லட் எண்ணெயில் உடைவது ஏன்?

உவர்மலைப் பெண், 12 ஜூலை 2025, காலை 9.20

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் என்பதால் இரவுக்கு இட்டலியும் சாம்பாரும்தான். மறுநாள் காலையில் ஏழெட்டு இட்டலியும் இரண்டு கோப்பை சாம்பாரும் மிஞ்சிக் கிடக்கும். அவற்றுடன் வியாழக்கிழமை வாங்கிய பாணில் பாதியும் காய்ந்துபோய் இருக்கும். இன்று இந்த மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து கட்லட் செய்ய முயன்றேன். இட்டலியை மைக்ரோவேவில் சூடாக்கி நன்றாக மசித்து, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, பாண் தூளில் உருட்டி எண்ணெயில் இட்டதும் முதல் ஈடு முழுவதும் வெடித்துத் தூளாகிவிட்டது. அடுத்த ஈட்டுக்குக் கோதுமை மா சேர்த்தேன். உடையவில்லை, ஆனால் உள்ளே களியாக இருந்தது, பிள்ளைகள் தொடவில்லை. குறை எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தம்பலகாமத்தான், 12 ஜூலை, காலை 10.05

ஒட்டும் பொருள் போதாமையே காரணம். ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். முட்டை ஆகாதென்றால் அவித்த உருளைக்கிழங்கு சேருங்கள். சாம்பாரைப் பொறுத்தவரை, நாங்கள் இரவில் அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டுக் காலையில் நன்றாகக் கொதிக்க வைப்போம். கொதித்த பின் அதில் எந்தக் கிருமியும் மிஞ்சாது. எனவே குளிர்சாதனப் பெட்டியில் இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய சைவக்கடையார், 12 ஜூலை, பகல் 1.40

இந்தப் பட்டினத்திலே ஒரு சைவக்கடையின் அடுக்களையில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கச்சி, குறை ஒட்டும் பொருளில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. உங்கள் கலவைக்குள் இருந்த சாம்பார்த் தண்ணீர் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகி வெளியேற வழி தேடியபோது மேலே உருட்டிய பாண் தூளைப் பிளந்துகொண்டு வந்தது. மா சேர்த்தபோது அந்தத் தண்ணீரை மா குடித்து வெந்தது; அதனால் பிளவு நின்றது, களி வந்தது. முட்டையோ கிழங்கோ சேர்த்தாலும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும்.

ஆகவே முதல் வேலை சாம்பாரை வற்றவைப்பது. இரண்டு கோப்பை சாம்பாரை அகன்ற தாச்சியில் ஊற்றுங்கள். முருங்கைக்காய் இருந்தால் சதையை மட்டும் வழித்தெடுத்துக்கொண்டு சக்கையை நீக்கிவிடுங்கள், மற்றக் காய்களைக் கரண்டியால் மசித்துவிடுங்கள். நடுத்தரமான நெருப்பில், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். மைசூர்ப் பருப்பில் செய்த சாம்பார் துவரம்பருப்புச் சாம்பாரைவிட விரைவாக அடிப்பிடிக்கும் என்பதால் கடைசி ஐந்து நிமிடம் தாச்சியை விட்டு நகரக் கூடாது. கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் தாச்சியின் அடி தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அப்போது ஏறத்தாழ அரைக் கோப்பைக்குச் சற்று மேல் ஒரு கூழ் மிஞ்சியிருக்கும். அதை ஒரு தட்டில் பரப்பி முற்றாக ஆறவிடுங்கள்.

வற்றவைக்கும்போது தண்ணீர் மட்டுமே போகிறது. உப்பும் புளியும் அப்படியே தங்கிவிடுகின்றன. அதனால் கலவைக்கு மேற்கொண்டு உப்புப் போடக் கூடாது. நாவில் வைத்துப் பார்த்துப் புளிப்பு ஏறியிருந்தால் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் ஒரு சிட்டிகை சீனியும் போதும்.

இரண்டாவது விடயம், இட்டலியைச் சூடாக்கியது. அதற்கு மாலையில் வருகிறேன்.

ஸ்காபரோவில் ஒருவன், 12 ஜூலை, பிற்பகல் 3.15

நேற்றைய இட்டலி மறுபடி மிருதுவாக வேண்டுமென்றால் ஈரமான கடதாசித் துவாயால் மூடி மைக்ரோவேவில் 40 விநாடி வையுங்கள். நான் வாரக் கடைசியில் அவித்து உறைபெட்டியில் வைத்து வாரம் முழுவதும் இப்படித்தான் உண்கிறேன். கட்லட் எல்லாம் தேவையில்லாத வேலை.

பழைய சைவக்கடையார், 12 ஜூலை, மாலை 6.30

தம்பி சொல்வது இட்டலியை இட்டலியாகவே உண்பதற்குச் சரி. தங்கச்சி கேட்டது வேறு.

குளிரில் இருந்த இட்டலி இறுகிவிடும். சூடு காட்டினால் மீண்டும் இளகும். இதை எல்லோரும் குறையாகவே பார்க்கிறார்கள், ஆனால் அடுத்த நாள் பலகாரத்துக்கு அந்த இறுக்கம்தான் நமக்கு வேண்டியது. குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் மூடிய பாத்திரத்தில் இருந்த இட்டலியை எடுத்தவுடன், சூடு காட்டாமல், விரல் நுனிகளால் உதிர்த்துப் பாருங்கள். புட்டுப் போலத் தனித்தனி மணியாக உதிரும். அந்த மணிகளுக்கு நடுவே சாம்பார்க் கூழ் நின்று பிடிக்கும். சூடாக்கி மசித்தால் மணி கரைந்து பசையாகிவிடும். பசையை எண்ணெயில் இட்டால் வெளியே சிவந்து உள்ளே களியாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் இட்டலி அரிசியில் செய்ததா, ரவையில் செய்ததா? நம் பக்கத்தில் உழுந்துடன் ரவை சேர்த்து அவிப்பவர்கள் பலர். ரவை இட்டலி கூழைக் கூடுதலாகக் குடித்து இளகிவிடும். அதற்குக் கூழை இன்னும் இறுக வற்றவைத்து, அளவையும் குறைக்க வேண்டும்.

உவர்மலைப் பெண், 12 ஜூலை, இரவு 8.10

ரவை இட்டலிதான் ஐயா. உழுந்து ஒரு பங்கு, ரவை இரண்டு பங்கு.

மூதூர் ஆசிரியை, 12 ஜூலை, இரவு 8.45

நான் இட்டலியை உதிர்த்து, கடுகு, உழுத்தம்பருப்பு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து உப்புமாவாகக் கிளறி மகனுக்குப் பாடசாலைக்குக் கட்டிக் கொடுப்பேன். காலை ஆறரைக்குப் பூப்போல இருப்பது, பத்தரை மணி இடைவேளைக்குக் கல்லாகிவிடுகிறது என்று அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான். எண்ணெய் கூட்டியும் பயனில்லை. இதற்கு வழி உண்டா?

கிண்ணியா பேக்கரிக்காரர், 13 ஜூலை, அதிகாலை 5.30

இட்டலி எனக்குத் தெரியாது, பாண் தெரியும். உவர்மலைத் தங்கச்சி பாதிப் பாணை எங்கே வைத்திருந்தார் என்று எழுதவில்லை. பலர் பாணையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். அங்கே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கத் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் வெளியே இருப்பதைவிட விரைவாக இறுகிப் பழசாகிவிடும். உறைபெட்டியில் வைத்தால் அப்படி இறுகாது. தூளுக்கென்றே வைத்திருப்பதானால் இரண்டும் வேண்டாம்.

இப்போது கச்சான் காற்று வீசுகிறது. பாணைத் துண்டுகளாக வெட்டி ஒரு தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் ஒரு பகலில் நொறுங்கக் காய்ந்துவிடும். மாரி காலத்தில் இது நடக்காது. அப்போது ஈரக்காற்றில் காய்வதற்குள் பூஞ்சணம் வந்துவிடும். அடுப்பில் தோசைக்கல்லை மெல்லிய நெருப்பில் வைத்து இருபுறமும் வாட்டித்தான் தூளாக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒரு துண்டில் பச்சையாகவோ கருப்பாகவோ புள்ளி கண்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பாவிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நார் உள்ளே ஓடியிருக்கும். மற்றது, வெக்கை நாட்களில் பாணின் நடுப்பகுதி பிசுபிசுத்து, பிய்த்தால் மெல்லிய நூல் இழுக்கும், அழுகிய பழத்தின் வாசம் வரும். வெளியே பார்த்தால் நல்ல பாண் போலவே இருக்கும். அது மாவிலிருந்தே வருவது; போறணைச் சூட்டையும் தாங்கி நிற்பது. அதனால் மீண்டும் வாட்டினாலோ பொரித்தாலோ சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

பழைய சைவக்கடையார், 13 ஜூலை, காலை 7.15

பேக்கரித் தம்பிக்கு நன்றி. நானும் பாண் தூளை அடுப்படியில் வாட்டியே பழகியவன். கச்சான் காலத்தில் வெறுங்காற்றே போதும் என்பதை எங்கள் கடையில் எவரும் செய்து பார்த்ததில்லை.

தம்பலகாமத்தாருக்கு மறுமொழி சொல்லாமல் விட்டுவிட்டேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பதில் பாதி சரி. ஆனால் இரவு முழுவதும் வெதுவெதுப்பாக நின்ற குழம்பில் சில கிருமிகள் பெருகி நஞ்சை விட்டுவைக்கும். கிருமி செத்த பிறகும் அவற்றுள் சிலவற்றின் நஞ்சு கொதியிலே அழிவதில்லை. பெரிய பானையின் நடுப்பகுதி ஆற மிக நேரமாகும் என்பதால், மூடி வைத்த பானைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கடையில் நாங்கள் செய்தது இதுதான்: பரிமாறத் தொடங்கும் முன்பே நாளைக்கு வேண்டியதைத் தனியே எடுத்து, அகன்ற தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் இருத்தி ஆற்றுவோம். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் அது குளிருக்குப் போய்விட வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றிய சாம்பாராக இருந்தால் மறுநாளுக்கு வைப்பதையே நான் விரும்புவதில்லை.

தம்பலகாமத்தான், 13 ஜூலை, காலை 9.50

எங்கள் அம்மா காலத்தில் குளிர்சாதனப் பெட்டியே கிடையாது. புளி கூடுதலாக விட்ட குழம்பு மூன்று நாள் நின்றது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புளி இருந்தால் கெடாது என்பதை மறுக்கிறீர்களா?

பழைய சைவக்கடையார், 13 ஜூலை, பகல் 12.20

மறுக்கவில்லை, ஆனால் அது வேறு குழம்பு. உங்கள் அம்மா வைத்தது எண்ணெய் மிதக்க, புளியும் உப்பும் உறைக்க, தண்ணீர் சுண்டிய குழம்பாக இருந்திருக்கும்; காலையும் மாலையும் சூடு காட்டியிருப்பார். சாம்பாரிலோ பருப்பும் காயும் தண்ணீரும் கூடுதல், புளி குறைவு. அந்தக் கணக்கை இதற்குப் பொருத்தக் கூடாது.

கெட்டதை அறியும் வழி சிலர் கேட்கக்கூடும். ஆறிய சாம்பாரைக் கரண்டியால் கலக்கினால் சிறு நுரை குமிழியிடுவது, புளியின் மணத்துக்கு மேலே ஒரு காடி மணம் எழுவது, ஓரத்தில் வழுவழுப்பு ஆகியவை அடையாளங்கள். வெண்டிக்காய் போட்ட சாம்பார் இயல்பாகவே வழுவழுப்பாக இருக்கும், அதை மட்டும் கண்டு எறிந்துவிட வேண்டாம். ஆனால் இந்த அடையாளம் எதுவும் இல்லாமலும் சாம்பார் உடம்புக்கு ஆகாததாக இருக்கலாம். ஆகையால் மூக்கை நம்புவதைவிட எத்தனை மணிக்கு இறக்கினோம், எத்தனை மணிக்குக் குளிருக்குள் வைத்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

மூதூர் ஆசிரியை, 13 ஜூலை, பகல் 1.05

2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் குளிருக்குள் வைத்ததையும் நம்ப முடியவில்லை. மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பழைய சைவக்கடையார், 13 ஜூலை, பகல் 1.30

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறத்தாழ 4 மணி நேரம். அதற்கு மேல் சாம்பாரை வைத்திருக்க வேண்டாம். அந்த நாட்களில் நான் அறிந்த வீடுகளில் மிஞ்சாதபடி குறைத்தே சமைத்தார்கள்.

உங்கள் உப்புமாக் கேள்விக்கு வருகிறேன். உதிர்த்த இட்டலியைத் தாளிதத்தில் போட்டதும் ஒரு கைப்பிடித் தண்ணீர் தெளித்து, மூடி, மெல்லிய நெருப்பில் மூன்று நிமிடம் விட்டால் ஆவியில் இளகும். ஆனால் ஆறினால் திரும்பவும் இறுகும். அது இட்டலியின் இயல்பு, எண்ணெய் கூட்டி மாற்ற முடியாது. ஆகவே அது வீட்டில் சுடச்சுட உண்ணும் பலகாரம். கட்டிக்கொடுக்க வேண்டுமானால் உதிர்க்காமல், ஓர் இட்டலியை நான்காக வெட்டி, சிறிது எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி சாம்பார்க் கூழைப் போட்டுப் பிரட்டுங்கள். கூழ் ஒட்டிய துண்டின் மேற்புறம் ஈரமாக இருப்பதால் அவ்வளவு காயாது.

மூதூர் ஆசிரியை, 15 ஜூலை, மாலை 4.40

பிரட்டிய துண்டுகளைக் கட்டிக் கொடுத்தேன் ஐயா. பாதி உண்டிருக்கிறான். உப்புமாவைவிட மேல் என்கிறான், ஆனால் நடுப்பகுதி இறுக்கம்தானாம். நான்குக்குப் பதில் எட்டாக வெட்டிப் பார்க்கப் போகிறேன்.

உவர்மலைப் பெண், 19 ஜூலை, காலை 11.00

நேற்றிரவு உண்ண அமரும் முன்பே இரண்டு கோப்பை சாம்பாரை எடுத்து ஆற்றிக் குளிருக்குள் வைத்தேன். இன்று காலையில் வற்றவைக்க ஏறக்குறைய இருபது நிமிடம் சென்றது. என் தாச்சி சிறிது குறுகியது என்பதால் இருக்கலாம். ஆறு இட்டலியை அப்படியே குளிரோடு உதிர்த்து, பொடியாக அரிந்த ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்து, கூழில் அரைக் கோப்பை விட்டுப் பிசைந்தேன். கை முழுவதும் ஒட்டியது. ரவை இட்டலி என்பதாலா? கலவையைக் குளிருக்குள் வைத்துவிட்டு எழுதுகிறேன். மறுமொழி கண்டபின் பொரிப்பேன்.

பழைய சைவக்கடையார், 19 ஜூலை, காலை 11.25

ஆம், ரவை இட்டலிக்கு அரைக் கோப்பை கூடுதல், கால் கோப்பைக்குச் சற்று மேல் போதும். கலந்தாகிவிட்டபடியால் இரண்டு துண்டுப் பாணின் வெள்ளைப் பகுதியை உதிர்த்துப் போட்டுப் பிசைந்து பத்து நிமிடம் விடுங்கள். பாணில் இருக்கும் உப்பு, வற்றிய சாம்பாரின் உப்போடு ஒப்பிட்டால் குறைவு என்பதால் சுவையும் சமன்படும்.

பதம் பார்க்க, எலுமிச்சங்காய் அளவு எடுத்து உருட்டிக் கையை விரியுங்கள். உள்ளங்கையில் ஈரப் பளபளப்பு நின்றால் தண்ணீர் கூடுதல், இன்னும் சிறிது பாண் வேண்டும். தட்டையாக அழுத்தும்போது ஓரம் வெடித்தால் வறட்சி, ஒரு தேக்கரண்டி கூழ் வேண்டும். ஓரம் வெடிக்காமலும் கை பளபளக்காமலும் வந்தால் அரை அங்குலத் தடிப்பில் தட்டி, இருபது நிமிடம் மீண்டும் குளிரில் இறுகவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தண்ணீர்விட்டு மோர் பதத்தில் கரைத்து, அதில் தோய்த்து, பாண் தூளில் புரட்டி, விரலால் அழுத்தி ஒட்டுங்கள்.

எண்ணெயில் ஒரு சிட்டிகை பாண் தூளைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வர வேண்டும். அடியில் தங்கினால் எண்ணெய் காயவில்லை. அந்த எண்ணெயில் இட்டால் கட்லட் எண்ணெய் குடித்து உடையும். போட்ட கணமே தூள் கருகினால் நெருப்பைத் தணியுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்குக்கு மேல் இட வேண்டாம், குளிர்ந்த கட்லட் பலவற்றை ஒன்றாகப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். ஒரு பக்கம் சிவக்கும் வரை கரண்டியால் தொடாதீர்கள்.

கிண்ணியா பேக்கரிக்காரர், 19 ஜூலை, பகல் 12.10

பாணை உள்ளேயும் போட்டு வெளியேயும் உருட்டினால் பாண் ருசிதான் மிஞ்சும் என்பது என் எண்ணம். ஈரத்தைக் குடிக்க வறுத்த உழுத்தம்மாவைப் போட்டுப் பாருங்கள்.

பழைய சைவக்கடையார், 19 ஜூலை, பகல் 12.40

உழுத்தம்மா வாசம் சாம்பார் வாசத்தை மூடிவிடும் என்றே நான் நினைக்கிறேன். இரண்டு துண்டுக்கு மேல் போனால் பாண் ருசி தெரியும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

உவர்மலைப் பெண், 19 ஜூலை, பிற்பகல் 2.50

பன்னிரண்டு வந்தன, ஒன்று மட்டும் ஓரத்தில் கீறியது, மற்றவை முழுமையாக இருந்தன. பிட்டுப் பார்த்தால் உள்ளே இட்டலி மணிகள் தனித்தனியாகத் தெரிகின்றன, இடையிடையே மஞ்சளும் சிவப்புமாகச் சாம்பார்க் கூழ் நிற்கிறது. களி இல்லை. மூத்தவன் நான்கு தின்றான். சின்னவளுக்கு உறைப்புக் கூடிவிட்டது. வற்றும்போது மிளகாயும் ஏறுகிறது என்பதை எண்ணாமல் பச்சை மிளகாயும் போட்டிருக்கிறேன், அடுத்த முறை அதை விட்டுவிடுவேன்.

கூழில் ஒரு சிறு கிண்ணம் மிஞ்சியிருக்கிறது. அதை நாளைக்கு வைக்கலாமா?

ஸ்காபரோவில் ஒருவன், 19 ஜூலை, மாலை 5.30

என்னிடம் உறைபெட்டியில் இட்டலி இருக்கிறது. உறைந்ததை அப்படியே உதிர்க்க முடியுமா, அல்லது இளகவிட வேண்டுமா?

பழைய சைவக்கடையார், 19 ஜூலை, இரவு 7.20

தம்பி, உறைந்ததை அடுப்படியில் அல்ல, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வைத்து இளகவிடுங்கள். இளகும்போது தண்ணீர் கசியும். அதைத் துணியால் ஒற்றிவிட்டு உதிருங்கள். இல்லையேல் நாம் சாம்பாரிலிருந்து விரட்டிய தண்ணீர் இட்டலி வழியாகத் திரும்பி வந்துவிடும்.

தங்கச்சி, சாம்பார் நேற்றையது என்பதால் கூழை நாளைக்கு என்று வைக்காமல் இன்றிரவே முடித்துவிடுங்கள். இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவே மெல்லிதாகத் தடவி, மேலே வெங்காயத்தை வட்டமாக அரிந்து வைத்து, தோசைக்கல்லில் சிறிது நல்லெண்ணெய் விட்டு, ஒரு தட்டால் அழுத்தி இருபுறமும் வாட்டுங்கள். காய்ந்த பாண் இதற்கு நன்றாகவே பொருந்தும். புதிய பாண் கூழின் ஈரத்தில் தொய்ந்துவிடும்.

தம்பலகாமத்தான், 20 ஜூலை, காலை 8.35

நல்லெண்ணெயா? பாணுக்குத் தேங்காயெண்ணெய்தான் எடுக்கும். நேற்றிரவு நான் அப்படித்தான் வாட்டினேன். சாம்பாரையும் மனைவி இம்முறை குளிருக்குள் வைத்திருந்தார்.

பழைய சைவக்கடையார், 20 ஜூலை, காலை 9.00

தேங்காயெண்ணெயில் வாட்டினால் பாணின் ஓரம் கூடுதலாக மொறுமொறுக்கும், உண்மைதான். ஆனால் சாம்பாரின் பெருங்காய வாசம் நல்லெண்ணெயில்தான் எழும். அதில் நான் மாறப்போவதில்லை.